பச்சையை எடுத்தால் கை பொம்மைக் கை ஆகிறதே, ஏன்?

"அக்கா, கொருக்குப்பேட்டையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ரிசப்ஷனில் எடுத்த படம் ஒன்று, பொண்ணு நிற்கிறார், அம்மா பக்கத்தில் நாற்காலியில். பொண்ணின் இடது முன்கையின் உள்பக்கம் பழைய பச்சை குத்தல், ஏழு எழுத்தில் ஒரு பெயர். அம்மாவின் புறங்கையில் எண்ணெய் கொட்டிய தழும்பு. இரண்டையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள், 12-க்கு 18 பிரேம். ஃபோட்டோஷாப்பில் ஹீலிங் பிரஷ்ஷில் அடித்தேன். பச்சை போய்விட்டது, ஆனால் கை பொம்மைக் கை மாதிரி வழவழ என்று நிற்கிறது, ஓரத்தில் அழுக்குப் படிந்த மாதிரி ஒரு நிழல் வேறு. எப்படிச் சரி செய்வது?"

தம்பி, இரண்டையும் ஒரே பிரஷ்ஷில் எடுக்கப் பார்த்ததில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பச்சை ஒரு ஜாதி, தழும்பு வேறு ஜாதி. பச்சையின் மை தோலுக்கு அடியில், உள் அடுக்கில் கிடக்கிறது. மேலே இருக்கிற தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை, ரேகை, பூனைமுடி, துளை எல்லாம் அப்படியே இருக்கிறது. நிறம் மட்டும்தான் தப்பு. தழும்பு அப்படி இல்லை. நன்றாகச் சுட்ட தழும்பில் முடிக்கால் செத்துப்போயிருக்கும், வியர்வைத் துளை இருக்காது, ரேகை அழிந்திருக்கும். நிறம் கொஞ்சம்தான் மாறியிருக்கும், தோல்தான் காணாமல் போயிருக்கும். அதனால் பொண்ணின் கைக்கு நிறத்தை மாற்ற வேண்டும், அம்மாவின் கைக்குத் தோலைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். நீங்கள் பொண்ணின் கையில் நன்றாக இருந்த தோலையும் சேர்த்துச் சுரண்டி எடுத்துவிட்டீர்கள், அதுதான் பொம்மைக் கை.

ஓரத்து அழுக்கு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ஹீலிங் பிரஷ் தோலின் சொரசொரப்பை நீங்கள் காட்டிய இடத்திலிருந்து எடுக்கும், நிறத்தை மட்டும் அடிக்கிற இடத்தின் சுற்று ஓரத்திலிருந்து எடுத்துக் கலக்கும். அந்த ஓரம் பச்சை மேல் பட்டுவிட்டால் கறுப்பை உள்ளே இழுத்துவிடும். அழுக்காகத் தெரிகிறதே என்று மறுபடி அடிப்பீர்கள், அது இன்னும் கொஞ்சம் இழுக்கும், ஒவ்வொரு தடவையும் சொரசொரப்பு கொஞ்சம் கரையும். பத்து தடவைக்கு அப்புறம் மெழுகு.

சரி, முதலில் கணக்கு. 24 மெகாபிக்சல் கேமரா என்றால் படம் 6000-க்கு 4000. 12-க்கு 18 பிரிண்ட்டை 300 டிபிஐயில் போட்டால் 5400-க்கு 3600 வேண்டும். அதாவது கேமராவில் இருப்பது கிட்டத்தட்ட அப்படியே தாளில் இறங்கப்போகிறது, சின்னதாக்கி மறைக்க வழியில்லை. நிற்கிற ஆளைத் தலையிலிருந்து முழங்கால் வரை எடுத்திருந்தால் உயரத்தில் சுமார் 48 அங்குலம் படத்துக்குள் வந்திருக்கும், ஆக ஒரு அங்குலத் தோலுக்கு 125 பிக்சல். 3 அங்குலப் பெயர் 375 பிக்சல் நீளம் வரும். 2 மில்லிமீட்டர் கோடு சுமார் 10 பிக்சல். தோலின் சின்ன ரேகைகள் 2, 3 பிக்சல்தான். பின்னால் மங்கலாக்கும்போது எவ்வளவு மங்கலாக்குவது என்று இந்த எண்களிலிருந்துதான் வரப்போகிறது, அதனால் உங்கள் படத்தில் ஒருதடவை ரூலரை வைத்து அளந்து பாருங்கள்.

ரா ஃபைல் இருந்தால் அதிலிருந்து 16 பிட்டாகத் திறங்கள். மைக்குள் இருக்கிற தோல் இருட்டில்தானே கிடக்கிறது, ராவில் அது கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். ஜேபெக் என்றால் இருட்டுப் பகுதியில் 8-க்கு 8 கட்டம் கட்டமாகச் சுருக்கித் தள்ளியிருக்கும், தூக்கிப் பார்த்தால் தோலுக்குப் பதிலாகக் கட்டம்தான் வரும்.

இப்போது நிறத்தையும் தோலையும் தனித்தனி லேயராகப் பிரிக்க வேண்டும். படத்தை இரண்டு நகல் எடுங்கள், கீழே உள்ளதற்கு நிறம் என்றும் மேலே உள்ளதற்கு தோல் என்றும் பெயர் வையுங்கள். மேலே உள்ளதை மூடிவிட்டு, நிறம் லேயருக்கு Gaussian Blur கொடுங்கள். எவ்வளவு என்று முடிவு செய்யப் பச்சையைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கிற சுத்தமான தோலைப் பாருங்கள். அதில் ரேகை மறைந்து, கையின் உருண்டையும் வெளிச்சமும் மட்டும் மிச்சமிருக்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். இந்தப் படத்துக்கு 4 அல்லது 5 பிக்சல் போதும். பச்சை முழுக்க மங்கட்டும் என்று 20, 30 வைக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அப்படி வைத்தால் பச்சையின் பாதி தோல் லேயருக்குள் ஏறிவிடும், பிரித்ததற்கே அர்த்தமில்லாமல் போகும். அப்புறம் தோல் லேயரைத் திறந்து, அதன் மேல் நின்றுகொண்டு இதைக் கொடுங்கள்:

```
Image > Apply Image
Layer: நிறம்
Blending: Subtract
Scale: 2
Offset: 128
```

இது 8 பிட்டுக்கு. 16 பிட் என்றால் Blending இடத்தில் Add, Invert-இல் டிக், Scale 2, Offset 0. Layer என்ற இடத்தில் அதுவாக Merged என்று நிற்கும், கவனிக்காமல் ஓகே அடித்தால் வெறும் சாம்பல் நிறம்தான் வரும். முடிந்ததும் தோல் லேயரின் மோடை Linear Light ஆக்குங்கள். இரண்டு லேயரையும் சேர்த்துத் திறந்தால், அசல் படத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியக் கூடாது. திறந்து மூடிப் பாருங்கள். துளி அசைந்தாலும் எங்கோ எண் மாறியிருக்கிறது, அப்படியே மேலே போகாதீர்கள்.

முதலில் நிறம். இரண்டு லேயருக்கும் நடுவில் ஒரு வெற்று லேயர் போட்டு, குளோன் ஸ்டாம்பை Current & Below-இல் வைத்து, ஓரம் முழுக்க மிருதுவான பிரஷ்ஷால் பெயரின் மேல் சுத்தமான நிறத்தைக் கொண்டுவாருங்கள். எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. கை ஒரு குழாய் மாதிரி. குறுக்கே போனால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் வெளிச்சம் மாறும், நீளவாக்கில் போனால் கொஞ்ச தூரம் ஒரே வெளிச்சம்தான். அதனால் முழங்கை பக்கமோ மணிக்கட்டு பக்கமோ, அதே வெளிச்சப் பட்டையில் ஒரு அங்குலம் தள்ளி எடுங்கள். குறுக்கே எடுத்தால் கை தட்டையாகும், சப்பாத்திக் கட்டையில் உருட்டிய மாதிரி. அதோடு நம் ஆட்களின் முன்கை உள்பக்கம் கொஞ்சம் வெளுத்து மஞ்சளோடியிருக்கும், வெளிப்பக்கம் வெயில் பட்டுக் கறுத்திருக்கும், அந்த எல்லையைத் தாண்டி எடுத்தால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி காட்டிக்கொடுக்கும்.

கறுப்பு போன பிறகும் அந்த இடம் லேசாகப் பச்சையோடும். மை கறுப்பாக இருந்தாலும் தோலுக்குள்ளிருந்து பார்க்கும்போது நீலமும் பச்சையும் கலந்துதான் தெரியும், வெளிச்சம் தோலுக்குள் சிதறுவதால் வருகிற நிறம் அது. நம் பாட்டிகள் விளக்குக் கரியைக் குழைத்துக் குத்திக்கொண்டதற்கும் பச்சை என்றுதானே பெயர் வந்தது. அந்த மிச்சத்தை எடுக்க இன்னொரு வெற்று லேயரை Color மோடில் வைத்து, பக்கத்துத் தோலின் நிறத்தை Alt அழுத்தி எடுத்து, Flow 5 சதவீதத்தில் மெல்ல மெல்லத் தடவுங்கள். ஒரே அடியில் மூட வேண்டாம்.

அப்புறம் நரம்பு. முன்கை உள்பக்கத்தில், மணிக்கட்டை நோக்கிப் போகிற பச்சை நரம்பு ஒன்றிரண்டு இருக்கும், அதன் மேல்தான் பெரும்பாலும் பெயரை எழுதியிருப்பார்கள். பெயரை எடுக்கிற ஜோரில் நரம்பையும் எடுத்துவிட்டால், மேலே ஒரு நரம்பு வந்து நின்றுவிடும், மூன்று அங்குலம் காணாமல் போய்க் கீழே மறுபடி முளைக்கும். பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் கண் அங்கேயே போய் நிற்கும். தோல் லேயருக்குச் சற்றுக் கீழே இன்னொரு வெற்று லேயர் போட்டு, அதில் அந்த நரம்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை மங்கலாக இழுத்துவிடுங்கள். நான் இதற்கு மட்டும் ஒரு கால் மணி நேரம் எடுத்துக்கொள்வேன்.

இப்போது தோல் லேயர். மூடித் திறந்து பார்த்தால், நிறமெல்லாம் சரியான பிறகும் பெயர் ஆவி மாதிரி லேசாகத் தெரியும். அது எழுத்துகளின் ஓரம். கூர்மையான ஓரம் எப்போதும் இந்த லேயரில்தான் வந்து தங்கும், அதனால்தான் பிரித்துவிட்டோம் என்று நிம்மதியாக விட்டுவிட முடியாது. குளோன் ஸ்டாம்பை எடுங்கள், Sample இடத்தில் Current Layer, Opacity 100, Hardness 70, பிரஷ் அளவு கோட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக 14, 16 பிக்சல். இங்கே மிருதுவான பிரஷ் கூடவே கூடாது. நிறத்துக்கு மிருதுவான ஓரம் வேண்டும், தோலுக்குக் கெட்டியான ஓரம் வேண்டும். மிருதுவான ஓரத்தில் இரண்டு தோல் பாதிப் பாதியாகக் கலக்கும், கலந்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு அந்த வளையம் வழுவழுப்பாகிவிடும். Opacity 50 வைத்தாலும் இதே கதைதான்.

எழுத்தின் மேலேயே கோட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள், மூன்று நான்கு அடிக்கு ஒருமுறை எடுக்கிற இடத்தை மாற்றுங்கள். ரேகை போகிற திசையும் பூனைமுடி சாய்கிற திசையும் ஒத்துப்போக வேண்டும், போகாவிட்டால் Clone Source பேனலில் கோணத்தைத் திருப்பிக்கொள்ளலாம். உங்கள் படத்தில் கோடு 10 பிக்சல்தான், முழுக் கோட்டையும் மாற்றிவிடலாம். இதுவே உள்ளே முழுக்க நிரப்பிய பெரிய டாட்டூ என்றால் ஓரத்தை மட்டும் மாற்றி, நடுவில் இருக்கிற சொந்தத் தோலை விட்டுவிடுவேன். ஆனால் இருட்டில் கிடந்த தோல் என்பதால் வெளிச்சமாக்கிய பிறகு அதன் ரேகை சோகையாகத் தெரியும், அந்த இடத்துக்கு மட்டும் தோல் லேயரில் ஒரு கர்வ்ஸ் போட்டுக் கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றினால் உயிர் வந்துவிடும்.

எடுக்கச் சுத்தமான இடமே இல்லை, வலது கையிலிருந்து எடுத்துத் திருப்பிப் போடலாமா என்று அடுத்த கேள்வி வரும். போடலாம், ஆனால் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து அடித்திருந்தால் திருப்பிய தோலில் நிழல் எதிர்ப்பக்கம் விழும், பள்ளமாக இருந்த துளை மேடாகத் தெரியும், கை முழுக்க வேர்க்குரு வந்த மாதிரி ஆகிவிடும். இதற்கு ஒரே நல்ல வழி ஷூட்டிங்கிலேயே இருக்கிறது. பச்சையை எடுக்கச் சொல்வார்கள் என்று தெரிந்த நிமிடமே, அதே விளக்கு, அதே லென்ஸ், அதே இடத்தில் அவரை நிற்கவைத்து, கையைக் கொஞ்சம் திருப்பச் சொல்லி, பச்சை இல்லாத தோல் தெரிகிற மாதிரி இரண்டு படம் கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை உதிரித் தோல் என்று சொல்வேன். ஒரு நிமிட வேலை, வீட்டில் இரண்டு மணி நேரம் மிச்சம். மேக்கப் அக்கா பக்கத்தில் இருந்தால் பச்சை மேல் முதலில் ஆரஞ்சு நிறக் கரெக்டரைத் தட்டி, அதன் மேல் ஃபவுண்டேஷன் போடச் சொல்லுங்கள். ஆரஞ்சு நீலத்தை அடக்கிவிடும். தடிமனாகப் பூசினால் தோல் மூடிப்போகும்தான், ஆனால் உங்களுக்கு நிற வேலை பாதி முடிந்துவிடும், தோலை மட்டும் உதிரியிலிருந்து எடுத்து வைத்தால் போதும்.

அம்மாவின் கைக்கு வருவோம். தழும்பில் துளையும் ரேகையும் இல்லாததால் வெளிச்சம் அங்கே கண்ணாடியில் பட்ட மாதிரி மொத்தமாகத் திரும்பும், அதனால்தான் மினுக்குகிறது. அந்த மினுக்கத்தை விட்டுவிட்டு மேலே தோலை வைத்தால், மினுக்கும் தாளில் ரேகை அச்சடித்த மாதிரி இருக்கும். முதலில் நிறம் லேயரில் மினுக்கத்தை இறக்குங்கள், தழும்பைச் சுற்றி இருக்கிற கறுத்த வளையத்தை வெளிச்சமாக்குங்கள். தழும்பு மேடு தட்டியிருந்தால் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் இருக்கும், அதையும் இங்கேயே சமப்படுத்த வேண்டும். அப்புறம்தான் தோல். அம்மாவின் புறங்கையைப் பெரிதாக்கிப் பாருங்கள், வயதான புறங்கையில் ரேகைகள் சின்னச் சின்ன டைமன் கட்டமாகப் பின்னியிருக்கும், அந்தப் பின்னல் முன்கையில் இருக்காது, பொண்ணின் கையில் நிச்சயம் இருக்காது. அதே புறங்கையில் தழும்புக்குப் பக்கத்திலிருந்தோ, விரல் முட்டிக்கும் மணிக்கட்டுக்கும் நடுவிலிருந்தோ எடுங்கள்.

இன்னொன்று, இதை நான் ரொம்ப நாள் கவனிக்காமல் இருந்தேன். ஆறிய தழும்பு சுற்றியிருக்கிற தோலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும், பையின் சுருக்குக் கயிற்றை இழுத்தால் துணி மடிகிற மாதிரி, ரேகையெல்லாம் அதை நோக்கியே ஓடும். நடுவை மட்டும் நிரப்பினால், சுற்றிலும் ரேகைகள் இல்லாத ஒன்றை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். தழும்புக்கு வெளியே ஒரு விரல் அகலம் வரை தோலை மாற்றுங்கள். எல்லாம் முடித்துவிட்டு, மொத்த வேலையையும் ஒரு குரூப்பில் போட்டு அதற்கு ஒரு மாஸ்க் வைத்து, அம்மாவின் கை மேல் மட்டும் 25 சதவீதக் கறுப்பைத் தடவி, வேலையை 75 சதவீத வாக்கில் இறக்கிப் பாருங்கள். பொண்ணின் கைக்கு இது கூடாது, பச்சை லேசாக எட்டிப்பார்க்கும். அம்மாவின் கைக்கு நல்லது. அவர் வயதில் ஒரு கை முழுக்கச் சமமாக இருந்தால் அது அவர் கையாகத் தெரியாது.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. பல வருடத்துக்கு முன்னால், காசிமேட்டிலிருந்து ஒருவர் அறுபதாம் கல்யாணத்துக்குப் படம் எடுத்தார். கடலில் வலைக்கயிறு அறுத்து அறுத்து இரண்டு உள்ளங்கையிலும் விரலிலும் வரி வரியாகத் தழும்பு. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. நானாக, அழகாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் எடுத்துப் பிரேம் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவர் மனைவி பிரேமைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, மேசையில் வைத்து, "இது அவரு கை இல்லம்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் லேயரை எல்லாம் சேர்த்து ஜேபெக்காக மட்டும் வைத்திருந்தேன், மெமரி கார்டை அடுத்த ஃபங்ஷனுக்கு அழித்தாயிற்று. அந்தக் கையைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை. அன்றிலிருந்து தழும்பு யாருடையதோ அவர் வாயால் கேட்காமல் தொடுவதில்லை. உங்கள் கேஸிலும், எடுக்கச் சொன்னது அம்மாவா, அவர் பக்கத்தில் இருந்தவர்களா என்று ஒரு தடவை அம்மாவிடமே கேட்டுவிடுங்கள்.

பிரேம் படத்தில் இதெல்லாம் செய்யலாம். அதே பொண்ணு நாளைக்கு வந்து பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலை விண்ணப்பத்துக்கோ படம் எடுத்து, கன்னத்துத் தழும்பை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றால், முடியாது என்று சொல்லிவிடுங்கள். பள்ளிக்கூட டிசியிலேயே அங்க அடையாளம் என்று மச்சத்தையும் தழும்பையும் எழுதி வைத்திருக்கிறார்கள், ஆளை அடையாளம் காட்டவேண்டிய படத்தில் அது இல்லாமல் போனால் வரிசையில் நின்று அவதிப்படப்போவது அவர்தான்.

கடைசியாகச் சரிபார்க்கிற விதம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Hue/Saturation லேயர் போட்டு Saturation-ஐ +60 வரை ஏற்றுங்கள், நிறம் ஒட்டாத இடம் பச்சையாகவோ சிவப்பாகவோ திட்டாக எழுந்து நிற்கும். அதையே -100 ஆக்கினால் கறுப்பு வெள்ளையில் வெளிச்சத் திட்டு தெரியும். சரி செய்த பிறகு அந்த லேயரைத் தூக்கிவிடுங்கள். அப்புறம் 100 சதவீதத்தில் வைத்துக் கையை மட்டும் மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டிப் பாருங்கள், ஒரே மச்சமோ ஒரே முடியோ இரண்டு இடத்தில் வந்திருந்தால் அது நீங்கள் குளோன் செய்த சுவடு. 400 சதவீதத்தில் உட்கார்ந்து வேலை செய்தால் இது கண்ணில் படாது.

மானிட்டரை முழுக்க நம்பாமல், கை இருக்கிற பகுதியை மட்டும் பெரிதாக்காமல் அதே அளவில் 4-க்கு 6 தாளாக வெட்டி லேபில் ஒரு பிரிண்ட் போட்டு வாங்குங்கள், சில ரூபாய்தான். அதைக் கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் கை நீட்டுகிற தூரத்தில் பிடித்து, விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் இருங்கள். அவர் பார்வை புடவை பார்டருக்கோ வளையலுக்கோ போனால் பெரிய பிரிண்ட்டுக்கு அனுப்பலாம். பிஎஸ்டியை லேயர் சேர்க்காமல் வைத்துக்கொள்ளுங்கள், ராவையும் கூடவே.